பாதி நூலுக்கு என்ன விலை: எடையிட்ட சராசரியில் சமான அலகுக் கணக்கு

நூற்பாலையில் மாதம் முடியும் நாளில் நூலும் முடிந்துவிடுவதில்லை. மாதக் கடைசியில் இரவு ஷிஃப்ட் முடியும்போது, அம்மாதம் போட்ட பஞ்சில் பெரும்பகுதி கோனாகச் சுற்றப்பட்டுக் கிடங்குக்குப் போயிருக்கும். மீதி எந்திரங்களுக்கு இடையே நிற்கும்: கொஞ்சம் கேன்களில் சிலைவராக, கொஞ்சம் சிம்ப்ளக்ஸ் பாபின்களில் ரோவிங்காக, கொஞ்சம் ரிங் ஃபிரேமிலிருந்து இறக்கிய காப்ஸாக. அந்த மாதத்துக்கான மின்கட்டணமும் கூலியும் முடிந்த நூலுக்காகவும் இந்த அரைகுறைச் சரக்குக்காகவும் சேர்ந்தே செலவானவை. அப்படியானால் கிடங்கில் இருக்கும் ஒரு கிலோ நூலின் அடக்கவிலை என்ன? தளத்தில் நிற்கும் ஒரு கிலோ ரோவிங்கின் அடக்கவிலை என்ன?

இதற்கு விடை சொல்லக் கணக்காளர்கள் கையாளும் கருவிதான் சமான அலகு. பாதி வேலை முடிந்த இரண்டு கிலோ, வேலையளவில் முழுதாக முடிந்த ஒரு கிலோவுக்குச் சமம். இதுவரை சிக்கல் இல்லை. சென்ற மாதம் மிச்சம் விட்ட அரைகுறைச் சரக்கு இந்த மாதத்துக்குள் நுழையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதன் மீது சென்ற மாதமே ஒரு செலவு ஏறியிருக்கிறது. அந்த மாதத்தின் விலைகள் வேறு. இதைக் கையாள இரண்டு வழிகள் உண்டு. ஃபைஃபோ எனப்படும், முதலில் வந்தது முதலில் போகும் முறை, சென்ற மாத வேலையையும் இந்த மாத வேலையையும் தனித்தனியே வைத்துக்கொள்ளும். எடையிட்ட சராசரி முறை இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடும். இந்தக் கலப்பு எப்படி நடக்கிறது, எவ்வளவை மறைக்கிறது, எந்தத் தவற்றை அதனால் காட்டிக்கொடுக்க முடியாது என்பவற்றை ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தே அறியலாம்.

கணக்குக்கு ஓர் ஆலை

கார்டிங் வரையிலான வேலையை ஒரு பிரிவாகவும், அதற்குப் பிந்திய வேலையை இன்னொரு பிரிவாகவும் பிரித்துக் கணக்கு வைக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. நாம் பார்க்கப்போவது இரண்டாம் பிரிவு. கார்டிங்கிலிருந்து சிலைவர் இங்கே வருகிறது. டிரா ஃபிரேம், சிம்ப்ளக்ஸ், ரிங் ஃபிரேம், கோன் வைண்டிங் என நான்கு கட்டங்களைக் கடந்து நூலாக வெளியேறுகிறது. பஞ்சுக் கழிவின் பெரும்பகுதி ப்ளோரூமிலும் கார்டிங்கிலுமே கழிந்துவிடுவதால், இரண்டாம் பிரிவில் எஞ்சும் சிறு கழிவை இங்கே விட்டுவிடுகிறேன்.

மாதத் தொடக்கத்தில் தளத்தில் 8,000 கிலோ அரைகுறைச் சரக்கு இருந்தது. அதன் மீது ஏறியிருந்த சிலைவர் செலவு 15,20,000 ரூபாய், அதாவது கிலோவுக்கு 190. கூலி, மின்சாரம், எந்திரப் பராமரிப்பு முதலியவற்றை உருமாற்றச் செலவு என்று ஒரே தலைப்பில் வைத்தால், அந்த வகையில் ஏறியிருந்தது 1,44,000 ரூபாய். மாதத்துக்குள் 92,000 கிலோ சிலைவர் கிலோ 210 ரூபாய் வீதம் வந்து சேர்ந்தது. அதன் செலவு 1,93,20,000 ரூபாய். இம்மாத உருமாற்றச் செலவு 58,40,000 ரூபாய். 90,000 கிலோ நூல் முடிந்து கிடங்குக்குப் போனது. மாத இறுதியில் தளத்தில் நின்றது 10,000 கிலோ.

ரூபாயைத் தொடும் முன் கிலோவைச் சரிபார்க்க வேண்டும். உள்ளே இருந்ததும் வந்ததும் சேர்ந்து 1,00,000. முடிந்ததும் நிற்பதும் சேர்ந்து 1,00,000. இந்தச் சமன் கிடைக்காவிட்டால், பதிவாகாத கழிவோ தவறான எடையோ எங்கோ இருக்கிறது. அதைத் தீர்க்காமல் செய்யும் எந்த வகுத்தலுக்கும் பொருள் இல்லை.

நிறைவு விகிதம் எங்கிருந்து வருகிறது

தளத்தில் நிற்கும் 10,000 கிலோவுக்கும் சிலைவர் முழுதாக ஏறிவிட்டது. சிலைவர் இல்லாமல் எதுவும் இந்தப் பிரிவுக்குள் வர முடியாது என்பதால், அந்தச் செலவைப் பொறுத்தவரை ஒவ்வொரு கிலோவும் நூற்றுக்கு நூறு நிறைவானது. உருமாற்றச் செலவு அப்படியில்லை. சரக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இங்கே பலர் அவசரப்பட்டு, நான்கு கட்டங்களில் இரண்டு முடிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். கட்டங்களை எண்ணுவது தூரத்தை அளப்பது. சமான அலகு அளப்பது செலவை.

இந்த ஆலையில் ஒரு கிலோவைச் சிலைவரிலிருந்து கோனாக்க நியமச் செலவு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் டிரா ஃபிரேமுக்கு 6, சிம்ப்ளக்ஸுக்கு 12, ரிங் ஃபிரேமுக்கு 33, கோன் வைண்டிங்குக்கு 9. நூற்பாலையில் மின்சாரத்தை மிக அதிகமாக இழுப்பது ரிங் ஃபிரேம்தான். ஆயிரக்கணக்கான கதிர்கள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுழலும் இடம் அது. அதனால் செலவின் பாதிக்கு மேல் அந்த ஒரே கட்டத்தில் ஏறுகிறது. டிரா ஃபிரேம் முடித்த சரக்கில் ஏறியது 60-இல் 6, அதாவது 10 சதவீதம். சிம்ப்ளக்ஸ் முடித்ததில் 18, அதாவது 30 சதவீதம். ரிங் ஃபிரேம் முடித்ததில் 51, அதாவது 85 சதவீதம். பாதித் தூரம் வந்துவிட்ட ரோவிங்கின் மீது, மூன்றில் ஒரு பங்குச் செலவுகூட ஏறவில்லை.

மாத இறுதியில் தளத்தை எடைபோட்டபோது டிரா ஃபிரேம் முடித்த கேன்களில் 3,000 கிலோவும், ரோவிங் பாபின்களில் 5,000 கிலோவும், காப்ஸில் 2,000 கிலோவும் இருந்தன. இவற்றின் சமான அளவுகள் முறையே 300, 1,500, 1,700. மொத்தம் 3,500 கிலோ. ஆக, இறுதி இருப்பு 10,000 கிலோவின் நிறைவு விகிதம் 35 சதவீதம். இந்த எண் மேற்பார்வையாளரின் மனக்கணக்கில் உதித்ததாக இருக்கக்கூடாது. எடைச்சீட்டும் கட்டவாரிச் செலவுப் பட்டியலும் சேர்ந்து தர வேண்டும்.

ஒவ்வொரு செலவுக்கும் தனி நிறைவு விகிதம் உண்டு என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. கோனுக்கான காகிதக் கூம்பு, பாலித்தீன் பை, அட்டைப்பெட்டி ஆகியவை கடைசியில்தான் சேர்கின்றன. தளத்தில் நிற்கும் சரக்கில் அவற்றின் நிறைவு விகிதம் பூஜ்யம். அந்தச் செலவு முழுவதையும் முடிந்த 90,000 கிலோவே சுமக்கும். அதை இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியே வைக்கிறேன்.

கலக்கும் முறை

எடையிட்ட சராசரியில் வகுபடும் தொகையும் வகுக்கும் அலகும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். தொகையில் தொடக்க இருப்பின் மீது சென்ற மாதம் ஏறிய செலவையும் இந்த மாதச் செலவையும் கூட்டுகிறோம். அப்படியானால் அலகிலும் சென்ற மாதம் செய்த வேலை இருந்தாக வேண்டும். முடிந்த 90,000 கிலோவையும் முழு அலகாக எடுக்கும்போது அது தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. ஏனென்றால் அந்த 90,000-இல் தொடக்க இருப்பு 8,000 கிலோவும் அடங்கும். அதன் மீது சென்ற மாதம் நடந்த வேலையும் அடங்கும். அதனால்தான் இந்த முறையில் தொடக்க இருப்பின் நிறைவு விகிதத்தை யாரும் கேட்பதில்லை. தேர்வுத்தாளில் அது கொடுக்கப்பட்டிருந்தாலும் இந்தக் கணக்குக்குத் தேவையில்லை.

| | சிலைவர் | உருமாற்றம் |
|---|---|---|
| முடிந்த நூல், கிலோ | 90,000 | 90,000 |
| இறுதி இருப்பின் சமான கிலோ | 10,000 | 3,500 |
| மொத்தச் சமான கிலோ | 1,00,000 | 93,500 |
| தொடக்க இருப்பின் செலவு, ரூ. | 15,20,000 | 1,44,000 |
| இம்மாதச் செலவு, ரூ. | 1,93,20,000 | 58,40,000 |
| மொத்தச் செலவு, ரூ. | 2,08,40,000 | 59,84,000 |
| ஒரு சமான கிலோவுக்கு, ரூ. | 208.40 | 64.00 |

முடிந்த ஒரு கிலோ நூலின் அடக்கவிலை 208.40-உம் 64.00-உம் சேர்ந்து 272.40 ரூபாய். கிடங்குக்கு மாறிய 90,000 கிலோவின் செலவு 2,45,16,000 ரூபாய். தளத்தில் நிற்கும் சரக்குக்குச் சிலைவர் வகையில் 20,84,000 ரூபாய். உருமாற்ற வகையில் 3,500 சமான கிலோவுக்கு 2,24,000 ரூபாய். மொத்தம் 23,08,000 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 2,68,24,000 ரூபாய். பிரிவுக்குள் வந்த மொத்தச் செலவும் அதேதான். தளத்தில் நிற்கும் 10,000 கிலோவை முடிந்த நூலின் 272.40 ரூபாயால் பெருக்கிவிடக்கூடாது. சிலைவருக்கு 10,000 கிலோ, உருமாற்றத்துக்கு 3,500 கிலோ என்று தனித்தனியே பெருக்க வேண்டும்.

சமன் காட்டிக்கொடுக்கும் தவறுகள்

மேலே கடைசியாகப் பார்த்த செலவுச் சமன் இரண்டு பொதுவான தவறுகளை உடனே பிடித்துவிடும். இரண்டுமே சராசரி முறையையும் ஃபைஃபோ முறையையும் பாதிப்பாதியாகக் கலப்பதால் வருபவை.

முதல் தவறு, தொகையில் தொடக்க இருப்பின் செலவைச் சேர்த்துவிட்டு, அலகிலிருந்து தொடக்க இருப்பில் நடந்த வேலையைக் கழிப்பது. தொடக்க 8,000 கிலோவின் நிறைவு விகிதம் 30 சதவீதம், அதாவது 2,400 சமான கிலோ என்று வைப்போம். ஃபைஃபோவில் அதைக் கழித்து, இம்மாதம் மட்டும் நடந்த வேலை 91,100 சமான கிலோ என்பது சரியான கணக்கு. ஆனால் அந்த 91,100-ஆல் 59,84,000-ஐ வகுத்தால் 65.69 ரூபாய் வரும். அந்த விலையை 93,500 சமான கிலோ மீதும் ஏற்றும்போது, செலவாகாத சுமார் 1.58 லட்ச ரூபாய் கணக்கில் புதிதாக முளைக்கும்.

இரண்டாம் தவறு இதன் மறுபக்கம்: இம்மாதச் செலவை மட்டும் எடுத்துச் சராசரி முறையின் அலகுகளால் வகுப்பது. 58,40,000-ஐ 93,500-ஆல் வகுத்தால் 62.46. இப்போது கணக்கு குறையும். எவ்வளவு குறையும் என்பதே தவற்றின் இடத்தைச் சொல்லிவிடும்: மிகச் சரியாக 1,44,000 ரூபாய், அதாவது தொடக்க இருப்பில் வந்த உருமாற்றச் செலவு. சமன் தவறிய தொகை தொடக்க இருப்பின் ஏதாவது ஒரு செலவோடு பொருந்தினால், வேறெங்கும் தேட வேண்டாம்.

சமன் காட்டிக்கொடுக்காத தவறு

ஆனால் எல்லாவற்றையும்விட ஆபத்தான தவற்றைச் செலவுச் சமனால் பிடிக்கவே முடியாது. அது இறுதி இருப்பின் நிறைவு விகிதத்தில் நேரும் தவறு. எந்த விகிதத்தைப் போட்டாலும், அதே அலகுகளால் வகுத்து அதே அலகுகளால் பெருக்குவதால் கூட்டுத்தொகை எப்போதும் சரியாகவே வரும். மாறுவது மொத்தச் செலவு நூலுக்கும் தளச் சரக்குக்கும் இடையே பிரியும் விதம் மட்டுமே.

மேற்பார்வையாளர் கட்டங்களை எண்ணி விகிதம் போட்டுவிட்டார் என்று வைப்போம். நான்கில் ஒரு கட்டம் முடிந்த சரக்குக்கு 25 சதவீதம், இரண்டு முடிந்ததற்கு 50, மூன்று முடிந்ததற்கு 75. அப்போது 3,000 கிலோவுக்கு 750, 5,000 கிலோவுக்கு 2,500, 2,000 கிலோவுக்கு 1,500 என்று மொத்தம் 4,750 சமான கிலோ வரும். காப்ஸின் விகிதம் 85-இலிருந்து 75-ஆகக் குறைந்தாலும், ரோவிங்குக்குக் கிடைத்த அதிகம் அதை விழுங்கிவிடுகிறது. இப்போது மொத்தச் சமான அலகு 94,750. ஒரு சமான கிலோவுக்கு உருமாற்றச் செலவு 63.16 ரூபாய். தளத்தில் நிற்கும் சரக்கின் உருமாற்றச் செலவு 2,24,000-இலிருந்து ஏறத்தாழ 3,00,000 ரூபாயாக உயர்கிறது.

இந்த 76,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? முடிந்த நூலின் செலவிலிருந்து. கிலோவுக்கு 84 காசு குறைந்த செலவில் நூல் உற்பத்தியானதாகக் கணக்கு சொல்லும். அந்த நூல் முழுதும் விற்றுவிட்டால் இம்மாத லாபம் 76,000 ரூபாய் கூடுதலாகத் தெரியும். ஆலையில் ஒரு பைசாவும் மிச்சமாகவில்லை. அடுத்த மாதம் இதே தொகை தொடக்க இருப்பாக உள்ளே வந்து அந்த மாத நூலின் மேல் ஏறும். அடுத்த மாதமும் அதே அளவு மிகைப்படுத்தினால் வந்ததும் போனதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, தவறு கண்ணில் படாமலே நீடிக்கும். விகிதம் திடீரென்று மாறும் மாதத்தில்தான் லாபம் ஆடும். ஆண்டுக் கணக்கு முடியும் மார்ச் மாதத்தில் இறுதி இருப்பின் நிறைவு விகிதம் மட்டும் உயர்ந்திருந்தால், தணிக்கையாளர் முதலில் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

பார்ப்பதற்கு எளிய வழி உண்டு. தளத்தில் நிற்கும் ஒரு கிலோவின் மீது எவ்வளவு உருமாற்றச் செலவு ஏறியிருக்கிறது என்று மாதந்தோறும் எழுதி வைத்தால் போதும். நம் ஆலையில் தொடக்கத்தில் 8,000 கிலோவுக்கு 1,44,000, அதாவது கிலோவுக்கு 18 ரூபாய். சரியான கணக்கில் இறுதியில் 22.40 ரூபாய். இந்த உயர்வுக்கு விளக்கம் உண்டு: சமான கிலோ விலை 60-இலிருந்து 64 ஆனது, காப்ஸின் பங்கு கூடியதால் விகிதம் 30-இலிருந்து 35 சதவீதம் ஆனது. தவறான கணக்கில் அது 30 ரூபாய். ஒரே மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயர்வு. எடைச்சீட்டில் ரோவிங் குறைந்து காப்ஸ் குவிந்திருந்தால் ஒழிய இதற்கு நியாயம் சொல்ல முடியாது.

சராசரி முறையின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருக்கிறது. ஃபைஃபோவில் சென்ற மாதத்தின் நிறைவு விகிதம் இந்த மாதக் கணக்கில் மறுபடியும் தேவைப்படும். அப்போது யாராவது அதை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். சராசரி முறையில் அந்த விகிதம் ரூபாயாக மாறிய கையோடு மறைந்துவிடுகிறது. அடுத்த மாதம் தொடக்க இருப்பு வெறும் தொகையாக வருகிறது. அது எந்த விகிதத்தில் கணிக்கப்பட்டது என்று கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. எளிமைக்காக விட்ட அந்தக் கேள்வியைப் பழக்கத்தால் மீட்டுக்கொள்வது நல்லது: கணக்குக்குத் தேவையில்லை என்றாலும் தொடக்க இருப்பின் விகிதத்தையும் எடைச்சீட்டையும் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

சராசரி எவ்வளவு மறைக்கிறது

இம்மாதம் வந்த சிலைவர் கிலோ 210 ரூபாய். கணக்கு காட்டுவது 208.40. இந்த 1.60 ரூபாய் எப்படி வந்தது என்று பார்த்தால் ஒரு பொதுவிதி கிடைக்கிறது. தொடக்க இருப்பின் பங்கு மொத்த அலகில் 8 சதவீதம். இரண்டு மாத விலைகளின் இடைவெளி 20 ரூபாய். 20-இல் 8 சதவீதம் 1.60. அதாவது சராசரி முறை மறைக்கும் தொகை, தொடக்க இருப்பின் பங்கையும் விலை இடைவெளியையும் பெருக்கியதற்குச் சமம். உருமாற்றச் செலவிலும் இதே விதிதான். ஃபைஃபோவில் 58,40,000-ஐ 91,100-ஆல் வகுத்தால் 64.11 ரூபாய், சராசரியில் 64.00. தொடக்கத்தின் 2,400 சமான கிலோ மொத்தத்தில் 2.6 சதவீதம், இடைவெளி 4.11 ரூபாய், பெருக்கினால் 11 காசு.

ஆகவே இந்த ஆலையின் மாதக் கணக்கில் எந்த முறையை எடுத்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. இறுதி இருப்பு சராசரி முறையில் 23,08,000; ஃபைஃபோவில் சுமார் 23,24,400. வித்தியாசம் 16,400 ரூபாய். நிறைவு விகிதத்தைக் கட்டங்களை எண்ணிப் போட்டதால் வந்த பிழை இதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். முறை எது என்று விவாதிக்கும் நேரத்தைத் தளத்தில் எடைபோடுவதற்குச் செலவிட்டால் கணக்கு அதிகம் துல்லியமாகும்.

இந்த முடிவு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பங்கு பெரிதானால் மறைப்பும் பெரிதாகும். இதே ஆலை வாரந்தோறும் கணக்குப் போடுகிறது என்று வைப்போம். தளத்தில் அதே 8,000 கிலோ நிற்கும். ஆனால் வாரத்துக்கு வரும் சிலைவர் 23,000 கிலோதான். தொடக்க இருப்பின் பங்கு 8-இலிருந்து ஏறத்தாழ 26 சதவீதமாகிவிடும். கணக்கு காட்டும் சிலைவர் விலை 204.84. இன்றைய விலையிலிருந்து 5.16 ரூபாய் விலகல். கணக்குக் காலத்தைச் சுருக்கினால் தகவல் புதிதாகும் என்று நினைத்துச் செய்யும் மாற்றம், சராசரி முறையில் பழைய விலையின் பங்கைக் கூட்டிவிடுகிறது.

வேலை நீளும் தொழில்களிலும் இப்படியே. ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் தோல் பதனிடுதலில், மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிடும் முறைக்குச் சில வாரங்கள் பிடிக்கும். அங்கே மாதத் தொடக்கத்தில் தொட்டிகளில் இருக்கும் தோல், அந்த மாதம் புதிதாக வரும் தோலுக்கு ஈடாகவே இருக்கலாம். சமான அலகில் தொடக்கத்தின் பங்கு பாதி என்றால், விலையேற்றத்தில் பாதியை இம்மாதக் கணக்கு காட்டாது. ஒரு பிரிவின் செலவுக் கட்டுப்பாட்டை அந்த எண்ணை வைத்து மதிப்பிட்டால், இம்மாத ஊதாரித்தனத்தின் பாதிப் பழி சென்ற மாதச் சிக்கனத்தால் கழுவப்பட்டுவிடும்.

விலை இடைவெளி என்ற இரண்டாவது எண்ணைப் பஞ்சுச் சந்தை 2022-இல் நன்றாகவே காட்டியது. 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சின் விலை அந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. ஆண்டின் பிற்பகுதியில் வெகுவாகச் சரிந்தது. இப்படிச் சரியும் மாதத்தில் சராசரி எப்படி நடந்துகொள்ளும் என்பதை நம் ஆலையிலேயே பார்க்கலாம். அடுத்த மாதம் 90,000 கிலோ சிலைவர் 180 ரூபாய் வீதம் வருகிறது என்று வைப்போம். தொடக்க இருப்பு 10,000 கிலோ 208.40 ரூபாய் வீதம் ஏற்கெனவே நிற்கிறது. கணக்கு காட்டும் விலை 182.84. புதிய ஆர்டருக்கு விலை சொல்ல உட்காரும் விற்பனை மேலாளர் இந்த எண்ணை எடுத்தால், அன்றைய பஞ்சில் நூற்கும் போட்டியாளரைவிடக் கிலோவுக்கு 2.84 ரூபாய் அதிகம் சொல்வார். விலை ஏறும் மாதத்தில் இதற்கு நேர்மாறாகக் குறைத்துச் சொல்லி ஆர்டரைப் பிடிப்பார். நட்டம் பிறகு தெரியும்.

எந்த எண்ணை எதற்கு

கையிருப்பை மதிப்பிட இரண்டு முறைகளுக்கும் இந்தியக் கணக்கியல் தரநிலைகள் இடம் தருகின்றன. ஏ.எஸ். 2-உம் இந்த் ஏ.எஸ். 2-உம் ஒன்றோடொன்று மாற்றக்கூடிய சரக்குகளுக்கு ஃபைஃபோவையும் எடையிட்ட சராசரியையும் ஏற்கின்றன. கடைசியில் வந்தது முதலில் போகும் லிஃபோ முறைக்கு இடமில்லை. ஒரே வகையான, ஒரே பயனுள்ள சரக்குக்கு ஒரே முறையைக் கையாள வேண்டும் என்றும் இந்த் ஏ.எஸ். 2 சொல்கிறது. பஞ்சு விலை ஏறும் ஆண்டில் ஒன்று, இறங்கும் ஆண்டில் மற்றொன்று என்று நினைத்தபடி மாறிக்கொள்ளவும் முடியாது. தளத்தில் சில நாள் சரக்கே நிற்கும் நூற்பாலை போன்ற தொழிலுக்குச் சராசரி முறை ஆண்டறிக்கைக்குப் போதுமானது, நிலையானதும்கூட.

விலை நிர்ணயத்துக்கும் பிரிவுகளின் செயல்திறனை அளப்பதற்கும் அது போதாது. இந்த இரண்டு வேலைகளுக்கும் தேவை இம்மாதச் செலவை இம்மாத வேலையால் வகுத்த எண். அதற்குத் தனிக் கணக்கேடு வேண்டியதில்லை. சராசரி முறையின் 93,500-இலிருந்து தொடக்கத்தின் 2,400-ஐக் கழித்தால் 91,100 கிடைக்கிறது. 59,84,000-இலிருந்து 1,44,000-ஐக் கழித்தால் 58,40,000 கிடைக்கிறது. ஏற்கெனவே இருக்கும் அறிக்கையின் அடியில் ஒரே ஒரு வரி கூடும். அந்த வரியை எழுத வேண்டுமானால் சென்ற மாத நிறைவு விகிதத்தைத் தேடி எடுத்தாக வேண்டும். சராசரி முறை கேட்காமல் விட்ட சோதனையும் அதனோடு சேர்ந்து நடந்துவிடும்.

எனவே ஒரு பிரிவு அறிக்கையில் எடையிட்ட சராசரி அடக்கவிலையைப் பார்க்கும் ஒருவர் கேட்க வேண்டியவை மூன்று. மொத்தச் சமான அலகில் தொடக்க இருப்பின் பங்கு எவ்வளவு? சென்ற மாத விலைக்கும் இம்மாத விலைக்கும் இடைவெளி எவ்வளவு? இறுதி இருப்பின் நிறைவு விகிதத்தை யார், எந்த எடைச்சீட்டைக் கொண்டு போட்டார்கள்? முதல் இரண்டையும் பெருக்கி வரும் தொகை, அந்த ஆலை ஒரு கிலோவில் காணும் லாபத்தோடு ஒப்பிடும்போது சிறிதாக இருந்தால் சராசரியை நம்பலாம். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், எந்த முறையில் வந்த அடக்கவிலையையும் நம்ப முடியாது.